ஏழு எழுத்தில் எது வேர்?

"எட்டு மாதமாக அரபு படிக்கிறேன். எழுத்துக்கூட்டி வாசிக்க வருகிறது. ஆனால் செய்தித்தாளில் ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு அகராதியில் தேடினால் கிடைப்பதே இல்லை. 'வேரைப் பிடி' என்று எல்லோரும் சொல்கிறார்கள். வேரை எப்படிப் பிடிப்பது? அது தெரிந்துவிட்டால் அர்த்தத்தை ஊகித்து மொழிபெயர்த்துவிடலாமா?"

முதலில் ஏன் கிடைப்பதில்லை என்று பார்த்துவிடுவோம். படித்தான், படிப்பு, படிக்கிறவள் என்று தமிழில் எதை எடுத்தாலும் 'படி' முன்னால் நிற்கிறது. ஒட்டுவதெல்லாம் பின்னால்தான். அதனால் அகரவரிசையில் தேடினால் சொந்தக்காரச் சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. அரபில் வேர் என்பது மூன்று மெய்யெழுத்து. எழுதுதலுக்கு காஃப், தா, பா. 'கதப' என்றால் எழுதினான், 'காதிப்' எழுதுபவர், 'மக்தூப்' எழுதப்பட்டது, 'மக்தப்' அலுவலகம், அதாவது எழுதும் இடம். வேரெழுத்துக்கு முன்னாலும் நடுவிலும் பின்னாலும் மற்ற எழுத்துகள் வந்து உட்காருகின்றன. நல்ல அரபு அகராதிகள் பல, வேரைத்தான் வரிசைப்படுத்தியிருக்கின்றன. 'மக்தப்' என்ற சொல்லை நீங்கள் மீமில் தேடுகிறீர்கள், அது காஃபில் உட்கார்ந்திருக்கிறது.

இது நமக்கு முற்றிலும் அந்நியமான சங்கதி இல்லை. படு பாடு ஆகிறது, கெடு கேடு ஆகிறது, சுடு சூடு ஆகிறது. முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். தமிழில் ஒரு மூலையில் நடக்கிற இந்த உள்மாற்றம் அரபில் மொழி முழுக்க நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மாற்றங்களுக்கு அச்சுகள் உண்டு. யாப்பில் ஒரு சீரின் அமைப்பைச் சொல்ல தேமா, கூவிளம் என்கிறோம் இல்லையா, அதே மாதிரி அரபு இலக்கணக்காரர்கள் ஃபா, ஐன், லாம் என்ற மூன்று எழுத்தை வைத்து வாய்பாடு சொல்வார்கள். 'ஃபாஇல்' என்றால் செய்பவர், 'மஃப்ஊல்' என்றால் செய்யப்பட்டது. காதிப், மக்தூப் இரண்டும் இந்த அச்சில் வார்த்தவை.

இந்த அச்சுகள் ஏற்கெனவே உங்கள் வாயில் புழங்குகின்றன. கோர்ட்டிலே சொல்கிற 'ஆஜர்', ஊரார் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற 'மகஜர்' இரண்டும் ஒரே வேர்: ஹா, ளாத், ரா. முன்னிலையில் இருத்தல் என்பது வேரின் பொருள். 'ஹாளிர்' ஃபாஇல் அச்சு, முன்னிலையில் இருப்பவர். 'மஹ்ளர்' முன்னிலையாகும் இடம், அப்புறம் பலர் முன்னிலையில் எழுதிய பத்திரம். பாரசீகக்காரர்கள் வாயில் ளாத் 'ஸ'கரம் போல மாறி, நம்மிடம் வரும்போது 'ஜ' ஆகிவிட்டது. 'அமல்' செய்தல் என்றால் 'மாமூல்' செய்யப்பட்டு வருவது, வழக்கமானது. 'மகசூல்' மஃப்ஊல் அச்சில் கிடைத்தது, விளைந்தது. அதே வேரிலிருந்து வந்த 'தாசில்' ஈட்டுதல், வசூலித்தல். நிலவரி நிர்வாகம் வழியாக வந்த இந்தச் சொற்களை இரண்டிரண்டாக எழுதிப் பாருங்கள். வேரும் அச்சும் சேர்ந்து எப்படி வேலை செய்கின்றன என்பது ஒரு பொழுதில் பிடிபட்டுவிடும்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'அமல்' என்று தமிழில் எழுதினால் அரபில் அது இரண்டு சொல். ஐனில் தொடங்கினால் வேலை, ஹம்ஸாவில் தொடங்கினால் நம்பிக்கை. 'கல்ப்' என்பது ஒரு காஃபுக்கு இதயம், இன்னொரு காஃபுக்கு நாய். தமிழ் எழுத்து இவற்றைப் பிரித்துக் காட்டாது. அதனால் குறிப்பேட்டில் வேரை அரபு எழுத்திலேயே எழுதி வையுங்கள். நான் இங்கே எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு போவதும் அதனால்தான்.

சரி, ஒரு வாக்கியத்தை எடுத்து முழுசாகச் செய்து பார்ப்போம். நீதிமன்றச் செய்திகளில் அடிக்கடி பார்க்கிற மாதிரி ஒன்று: 'ஸதஸ்தஅனிஃபுல் மஹ்கமதுன் நழர ஃபில் களிய்யா'.

முதல் சொல்தான் கஷ்டம். செய்தித்தாளில் உயிர்க்குறி இருக்காது. கண்ணில் படுவது ஏழு எழுத்து: ஸீன், தா, ஸீன், தா, ஹம்ஸா, நூன், ஃபா. இதில் எது வேர், எது ஒட்டு?

அரபு இலக்கணம் இதற்கு ஒரு சாவி கொடுத்திருக்கிறது. வேரோடு சேர்த்துச் சொல் உண்டாக்கப் பயன்படும் எழுத்துகள் மொத்தம் பத்துதான். அவற்றை ஒரே சொல்லாகக் கோத்து மனப்பாடம் செய்வார்கள்: 'ஸஅல்துமூனீஹா', 'அதை நீங்கள் என்னிடம் கேட்டீர்கள்' என்று பொருள். ஸீன், ஹம்ஸா, லாம், தா, மீம், வாவ், நூன், யா, ஹா, அலிஃப். இந்தப் பத்தில் இல்லாத எழுத்து சொல்லின் உள்ளே தென்பட்டால் அது வேரெழுத்து என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். தனிச்சொல்லாக இருந்து முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிற 'பி', 'க', 'ஃப' போன்றவையும், 'உன்' என்ற பொருளில் பின்னால் ஒட்டும் 'க'வும், ஒட்டாக வரும் தா சில எழுத்துகளின் பக்கத்தில் வேறு எழுத்தாக மாறுவதும் விலக்கு. முன்னால் ஒட்டுபவை சொல்லின் தலைமாட்டில்தான் நிற்கும். இந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. பத்தில் ஒன்றாக இருந்தால் ஒட்டு என்று அர்த்தமில்லை, ஒட்டாக இருக்கலாம் என்றுதான் அர்த்தம். 'மலிக்' என்றால் அரசன். அங்கே மீமும் லாமும் வேர்தான்.

நம் சொல்லில் ஃபா மட்டும் பட்டியலில் இல்லை. சொல்லின் கடைசியில் வருவதால் அது முன்னொட்டும் இல்லை, ஆகவே வேர். மீதி ஆறும் சந்தேகத்தில் இருக்கின்றன. இப்போது வெளியிலிருந்து உரித்துக்கொண்டே வரவேண்டும். முதல் ஸீன் எதிர்காலத்தைக் காட்டும் 'ஸ'. அடுத்த தா 'அவள்' என்ற எழுவாய்க் குறி. பின்னால் வரும் நீதிமன்றம் அரபில் பெண்பால், பொருந்துகிறது. இன்னும் ஐந்து எழுத்து மிச்சம். அரபு வினையின் வேர் மூன்று எழுத்தாக இருக்கும், சில நேரம் நான்கு, ஐந்து கிடையாது. ஆகவே இன்னும் உரிக்க இருக்கிறது. ஸீனும் தாவும் சேர்ந்து நிற்பது பத்தாம் வடிவத்தின் அடையாளம். அதையும் எடுத்தால் ஹம்ஸா, நூன், ஃபா. மூன்று எழுத்து. நின்றுவிடலாம்.

பத்தாம் வடிவம் என்றேனே, அது என்ன? ஒரு வேரை எளிய வினையாகவும், அதோடு குறிப்பிட்ட ஒட்டுகளைச் சேர்த்து வேறு வடிவங்களாகவும் ஆக்கலாம். வழக்கில் அதிகம் இருப்பவை பத்து. ஐரோப்பிய அகராதிகள் இவற்றுக்கு ரோமன் எண் போட்டிருக்கின்றன. பத்தாவது 'இஸ்தஃப்அல'. பெரும்பாலும் வேரின் பொருளைக் கேட்பது, நாடுவது என்ற பொருள் தரும். மன்னிப்புக்கான வேரைப் பத்தாம் வடிவில் போட்டால் மன்னிப்புக் கோருதல். தமிழ் முஸ்லிம் வீடுகளில் சொல்கிற 'இஸ்திஃக்ஃபார்' அதுதான்.

இப்போது அகராதியைத் திறந்து ஹம்ஸா, நூன், ஃபா வேருக்குப் போனால் சட்டென்று கண்ணில் படுவது 'அன்ஃப்', மூக்கு. வேரையும் வடிவத்தையும் கூட்டி ஊகித்தால் 'மூக்கை நாடுதல்' என்று வரும். நீதிமன்றம் எதற்கு மூக்கை நாடவேண்டும்? ஊகம் இங்கே விழுந்துவிட்டது. ஆனால் அதே பதிவில் பத்தாம் வடிவத்தில் 'மீண்டும் தொடங்குதல், தொடர்தல்' என்றும், சட்ட வழக்கில் 'மேல்முறையீடு செய்தல்' என்றும் போட்டிருக்கும்.

மூக்குக்கும் தொடங்குதலுக்கும் என்ன உறவு என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது. 1004இல் இறந்த இப்னு ஃபாரிஸ் என்ற அறிஞர், ஒவ்வொரு வேருக்கும் அடிப்படைப் பொருள் எது, அது ஒன்றா பலவா என்று ஆராய்ந்து 'மகாயீஸுல் லுகா' என்ற அகராதியை எழுதினார். இந்த வேருக்கு அவர் இரண்டு அடிப்படை சொல்கிறார்: ஒரு பொருளை அதன் தொடக்கத்திலிருந்து எடுத்தல், அப்புறம் மூக்கு. ஆக, நம் வாக்கியத்துக்கு வேண்டியது முதல் அடிப்படை. வேர் நமக்கு அர்த்தத்தைச் சொல்லவில்லை, அர்த்தம் இருக்கிற பக்கத்தைக் காட்டியது. என் அனுபவத்தில் வேரின் பெரிய உபயோகம் இதுதான். ஊகம் தவறினாலும் சொல் கைக்கு வந்துவிடுகிறது.

அடுத்த சொல் 'மஹ்கமா' சுலபம். ஹா, காஃப், மீம் என்பது தீர்ப்புச் சொல்லுதல், ஆளுதல். முன்னால் 'ம', கடைசியில் பெண்பால் 'ஆ' என்ற அச்சு பல நேரம் இடத்தைக் குறிக்கும். பாடத்துக்கான வேரில் மதரஸா, கபருக்கான வேரில் மக்பரா. ஆக, தீர்ப்புச் சொல்லும் இடம், நீதிமன்றம். ஊகம் நேராகப் பலித்தது. 'களிய்யா' என்பதன் வேர் காஃப், ளாத், யா. தீர்த்தல், முடித்தல். காஜி என்று நாம் சொல்கிற நீதிபதி இந்த வேரில் பிறந்தவர். நேரம் தவறிய தொழுகையைப் பிறகு நிறைவேற்றுவதைக் 'களா' என்கிறார்களே, அதுவும் இதே வேர். தீர்க்க வேண்டிய விஷயம் என்பதால் களிய்யா வழக்கு ஆகிறது.

'நழர்' என்றால் பார்வை. இங்கே அகராதியில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த வினை 'இலா'வோடு வந்தால் ஒன்றை நோக்கிப் பார்த்தல், 'ஃபீ'யோடு வந்தால் ஒன்றை ஆராய்தல், விசாரித்தல். நம் வாக்கியத்தில் 'ஃபில் களிய்யா' என்று இருக்கிறது. ஆகவே வழக்கை விசாரித்தல். அப்படியானால் முதல் வினைக்கு மேல்முறையீடு என்ற பொருள் பொருந்தாது. நீதிமன்றம் விசாரணையை மேல்முறையீடு செய்யாது. தீர்ப்பு என்ற சொல் செயப்படுபொருளாக இருந்து, வழக்காடுபவர் எழுவாயாக இருந்தால் அந்தப் பொருளை எடுத்திருப்போம். இங்கே 'நீதிமன்றம் வழக்கு விசாரணையை மீண்டும் தொடங்கும்' என்பதுதான் சரி. நான்கு சொல்லுக்கும் வேரைப் பார்த்தோம், ஆனால் கடைசி முடிவைச் சொன்னது வேர் இல்லை. பக்கத்துச் சொற்கள் சொல்லின.

அகராதிக்குள் எங்கே பார்ப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஹான்ஸ் வேர் தொகுத்த அகராதிதான் இன்றைய அரபுக்கு மாணவர்கள் அதிகம் கையில் எடுப்பது. ஜெர்மனில் 1952இல் வந்தது, கோவன் பதிப்பித்த ஆங்கிலப் பதிப்பு 1961இல். (அவர் பெயரிலேயே வேர் இருப்பது நமக்கு மட்டும் கிடைத்த சந்தோஷம்.) அதில் ஒரு வேருக்குக் கீழே முதலில் எளிய வினை, பிறகு ரோமன் எண்ணோடு மற்ற வடிவங்கள், பிறகு பெயர்ச்சொற்கள், கடைசியில் வளர்ந்த வடிவங்களின் வினைப்பெயரும் எச்சமும். 'முஸ்த' என்று தொடங்கும் சொல் வேண்டுமானால் பதிவின் அடிப்பகுதிக்கு நேராகப் போய்விடுங்கள், மேலேயிருந்து படித்து வரவேண்டாம். பழைய அகராதிகளில் வேறு கணக்கு. இப்னு மன்ழூரின் 'லிஸானுல் அரப்' வேரின் கடைசி எழுத்தை வைத்து அத்தியாயம் பிரிக்கிறது. நம் ஹம்ஸா, நூன், ஃபா அங்கே ஃபா அத்தியாயத்தில், அதற்குள் ஹம்ஸாவில் இருக்கும். இது தெரியாமல் முதல் எழுத்தில் தேடி, 'சொல்லே இல்லை' என்று மூடி வைத்தவர்கள் உண்டு.

இனி உண்மையில் படுத்துகிற இடத்துக்கு வருவோம். உரித்து முடித்தபின் கையில் இரண்டே எழுத்து மிஞ்சினால் என்ன செய்வது?

பயப்பட வேண்டாம், ஒரு எழுத்து எங்கோ ஒளிந்திருக்கிறது. அது ஒளிகிற இடங்கள் குறைவு. ஒன்று, இரட்டிப்பில். 'முஸ்தமிர்' என்றால் தொடர்ச்சியான. 'முஸ்த'வை எடுத்தால் மீம், ரா மட்டும். ரா இரட்டித்திருக்கிறது, இரட்டிப்புக் குறியைச் செய்தித்தாள் போடுவதில்லை. வேர் மீம், ரா, ரா. இன்னொன்று, முன்னால் இருந்த வாவ் போய்விடும். 'ஸிலா' என்றால் தொடர்பு, உறவு. கையில் இருப்பது ஸாத், லாம். வேர் வாவ், ஸாத், லாம். நாம் சொல்கிற 'வசூல்' அதே வேர்தான், வந்து சேர்வது. எட்டாம் வடிவத்தில் இந்த வாவ் தாவோடு கரைந்து 'இத்திஸால்' ஆகிவிடும், தொலைபேசி அழைப்பு என்ற பொருளில் தினமும் காதில் விழும் சொல். 'இத்திஹாத்' என்ற ஒன்றியமும் அப்படித்தான். உள்ளே இருப்பது ஒன்று என்ற 'வாஹித்'தின் வேர்.

மூன்றாவது, நடு எழுத்து அலிஃபாகத் தெரியும். வினையிலும் வினையிலிருந்து பிறந்த பெயரிலும் அலிஃப் வேரெழுத்தாக இருக்கவே இருக்காது என்பதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வேரெழுத்தின் இடத்தில் அலிஃபைக் கண்டால் அது வாவ் அல்லது யா போட்டிருக்கும் வேஷம். 'இஸ்திஷாரா' என்று ஒரு சொல். அலிஃப், ஸீன், தாவையும் கடைசிப் பெண்பால் குறியையும் எடுத்தால் ஷீன், அலிஃப், ரா. வாவா, யாவா? 'ஷூரா' என்ற சொல் தெரிந்திருந்தால் வாவ் என்று உடனே சொல்லிவிடலாம். மஷூரா பண்ணி முடிவெடுப்போம் என்கிறோமே, அந்த மஷூராதான். ஆலோசனை கேட்டல். சொந்தக்காரச் சொல் எதுவும் தெரியாவிட்டால் இரண்டு வேரையும் பார்க்க வேண்டியதுதான், குறுக்கு வழி கிடையாது.

இந்தச் சோம்பலில்தான் நான் ஒரு முறை தவறினேன். வளைகுடாவில் ஒரு கம்பெனியின் கடிதங்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த காலம். 'இஸ்திகாலா' என்ற சொல்லை அவசரத்தில் 'இஸ்திக்லால்' என்று வாசித்து, ஒரு ஊழியரின் ராஜினாமாவைப் பற்றிய வரியில் 'சுதந்திரம்' என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி பார்த்துத் திருத்தியதால் கடிதம் வெளியே போகவில்லை. இரண்டு சொல்லும் அலிஃப், ஸீன், தா, காஃப் என்றுதான் தொடங்கும். முதலாவதில் அடுத்து அலிஃப், லாம், பெண்பால் குறி. இரண்டாவதில் லாம், அலிஃப், லாம். நிதானமாக உரித்திருந்தால் ஒன்றில் இரட்டை லாம் இருப்பதும் மற்றதில் இல்லாததும் தெரிந்திருக்கும்.

அந்த இரண்டு சொல்லையே கொஞ்சம் பாருங்கள், ஊகத்தின் எல்லை விளங்கும். இஸ்திகாலாவில் காஃப், அலிஃப், லாம். அலிஃபுக்குப் பதில் வாவ் போட்டால் 'சொல்லுதல்' என்ற மிகப் பிரபலமான வேர் வருகிறது. 'சொல்லக் கேட்டல்' என்று ஊகித்து ஏமாறுவது சுலபம். யா போட்டுப் பார்த்தால்தான் சரியான இடம். அங்கே நான்காம் வடிவம் 'இகாலா', ஒப்பந்தத்தை ரத்துசெய்து விடுவித்தல். பத்தாம் வடிவம் அப்படி விடுவிக்கக் கேட்பது. ராஜினாமா. வேர் சரியானதும் அர்த்தம் தானாகக் கனிந்து விழுகிறது.

இஸ்திக்லாலில் காஃப், லாம், லாம். 'கலீல்' என்றால் கொஞ்சம். சுதந்திரத்துக்கும் கொஞ்சத்துக்கும் முடிச்சுப் போட உட்கார்ந்தால் இட்டுக்கட்டிய கதைதான் வரும். அதே வேரில் தூக்குதல், சுமத்தல் என்ற பொருளும் உண்டு, தன் பாரத்தைத் தானே சுமந்து தனித்து நிற்பது என்ற வழியில்தான் சுதந்திரத்துக்கு வரமுடியும். அது அகராதியைப் பார்த்தபின் புரிவது, பார்க்காமல் ஊகிக்க முடிவதில்லை. ஜீம், மீம், லாம் வேரில் 'ஜமல்' ஒட்டகம், 'ஜமால்' அழகு, 'ஜும்லா' வாக்கியம். மூன்றையும் ஒரே கயிற்றில் கட்ட முயலாதீர்கள்.

ஆகவே மொழிபெயர்ப்புக்கு முன் நான் செய்வது இது. வேரைப் பிடித்து, வடிவத்தைப் பார்த்து, பென்சிலில் ஒரு ஊகம் எழுதிவைப்பேன். பிறகு அகராதியில் அந்த வடிவத்துக்கு நேராக என்ன இருக்கிறது, எந்த இடைச்சொல்லோடு என்ன பொருள் என்று பார்ப்பேன். ஊகமும் அகராதியும் ஒத்துப்போனால் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டால் முதலில் என் உரிப்பைத்தான் சந்தேகப்படுவேன். வாவ், ரா, தால் என்று மூன்று எழுத்தை 'வர்த்', ரோஜா என்று வாசித்திருப்பேன், அங்கே இருப்பது 'வ' என்ற உம்மும் 'ரத்த' என்ற வினையும், 'பதிலளித்தான்' ஆக இருக்கும். நாம் சொல்கிற 'ரத்து' அந்த 'ரத்'தேதான், திருப்பிவிடுதல்.

எவ்வளவு உரித்தாலும் வேர் கிடைக்காத சொற்களும் வரும். 'பர்னாமஜ்', நிகழ்ச்சி. 'உஸ்தாத்', ஆசிரியர். 'திலிஃபிஸ்யூன்' சொல்லவே வேண்டாம். முதல் இரண்டும் பாரசீகத்திலிருந்து வந்தவை. இந்த மாதிரி வந்தேறிச் சொற்களை ஹான்ஸ் வேர் எழுத்து வரிசையிலேயே போட்டிருக்கிறார். 'பர்னாமஜ்' என்ற சொல்லைப் பாவில், எழுதியபடியே தேடுங்கள், இருக்கும்.